கண்ணாடியோரம் ஓடும் மிஸ் கேரளா

செங்கோட்டையில் அக்கா வீட்டு இரண்டடித் தொட்டியில் இரண்டு மிஸ் கேரளா மீன்கள். முன்பக்கக் கண்ணாடியை மூக்கால் உரசிக்கொண்டு இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஒரே தடத்தில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. "பசிக்குதுடா" என்று அக்கா தீனி போட்டுக்கொண்டே இருந்தாள். மிஞ்சிய தீனி அழுகி அம்மோனியா ஏறினால் ஓட்டம் இன்னும் கூடும்.

ராத்திரி அறை இருட்டாக இருந்து தொட்டி விளக்கு மட்டும் எரிந்தால், கண்ணாடி உள்ளிருக்கும் மீனுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். தன் உருவத்தையே இன்னொரு மீன் என்று நினைத்துக் கூடவே ஓடும். சரி, தொட்டி விளக்கை அணைத்து அறை விளக்கைப் போட்டேன். வேகம் குறைந்தது, நிற்கவில்லை. அப்படியென்றால் பிம்பம் பாதிக் காரணம்தான்.

மீதி, இடமும் துணையும். அச்சன்கோவில் மாதிரி ஓடும் ஆற்றில் கூட்டமாகத் திரிகிற இனம் இது, அரையடி வரை வளரும். நாலடித் தொட்டியும் ஆறு மீன்களும் வேண்டும் அக்கா.