அண்ணாவின் வங்கிப் புத்தகம்

2025 பெப்ரவரி 8, புதுக்குடியிருப்பு

அம்மாவின் ட்ரங்குப் பெட்டிக்குள் அண்ணாவின் வங்கிப் புத்தகம் அப்படியே இருக்கிறது. சமாதான காலத்தில் ஏ9 பாதை திறந்திருந்தபோது வவுனியாவில் ஒரு கடையில் வேலை செய்து அண்ணா சேர்த்த காசு. 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியபோதும் அம்மா இதைச் சேலைக்குள் முடிந்து கொண்டுவந்தா. அண்ணாதான் வரவில்லை.

2025 பெப்ரவரி 9

2011இல் அந்தக் காசை எடுக்க அம்மாவும் அப்பாவும் வவுனியாவுக்குப் போனார்கள், என்னையும் கூட்டிக்கொண்டு. எனக்கு 13 வயது. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படித்ததால் வீட்டில் நான்தான் மொழிபெயர்ப்பாளன். எனக்குத் தெரிந்ததோ பேனை, கொப்பி, பூனை அளவுக்குத்தான். கவுண்டரில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. "அண்ணாவைக் காணேல்லை எண்டு சொல்லு ராசா" என்றா அம்மா. வகுப்பில் பேனை தொலைந்தால் 'பேன நெதி உனா' என்போம், அதே அச்சில் 'அய்யா நெதி உனா' என்றேன். சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன், அது சரி. ஆனால் 'நெதி உனா' பொருளுக்குச் சொன்னால் தொலைந்தது, ஆளுக்குச் சொன்னால் செத்துப்போனார். காணாமல் போனவருக்கு 'அதுருதஹன்' என்று வேறு சொல் இருக்கிறது. எங்கள் பாடப் புத்தகத்தில் அது வந்ததாக நினைவில்லை.

அவர் முகம் மாறி, அனுதாபமாகத் தலையாட்டி, ஒரு படிவத்தை எடுத்து எழுதத் தொடங்கினார். நானோ வேலை நடக்கிறது என்று பெருமையாக நின்றேன். பக்கத்து மேசையில் இருந்த முஸ்லிம் அண்ணர் எட்டிப் பார்த்துவிட்டுத் தமிழில் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, அண்ணன் மவுத்தா? மரணச் சான்றிதழ் கொண்டுவரச் சொல்றார்." அம்மா ஒன்றும் பேசவில்லை. புத்தகத்தை இழுத்து எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டா. அப்பாதான் அந்தப் படிவத்தைக் கிழித்துவிடச் சொல்லி அந்த அண்ணரிடம் கெஞ்சினார். பஸ்ஸில் மூவரும் பேசவில்லை, நான் மட்டும் அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

2025 பெப்ரவரி 12

அப்போது அவர் மரணச் சான்றிதழ் கேட்டதும் ஒரு வகையில் வழக்கம்தான். 2010இல் வந்த சட்டப்படி ஒரு வருடத்துக்கு மேல் காணாதவரை இறந்தவராகப் பதியலாம். ஊரில் சிலர் காசுக்காக, காணிக்காகப் பதிந்தார்கள், அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. 2016இல்தான் இறந்தவர் என்று எழுதாமலே, காணாமல் போனவர் என்று மட்டும் சொல்லும் சான்றிதழுக்குச் சட்டம் வந்தது. அது இரண்டு வருடத்துக்குச் செல்லுபடியாகும், பிறகு புதுப்பிக்கலாம்.

2025 பெப்ரவரி 15

அதற்கு விண்ணப்பிப்போமா என்று இன்று அம்மாவிடம் கேட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. படிவம் தமிழில் இருந்தும் முழுவதையும் என்னையே வாசிக்கச் சொன்னா.

முடித்ததும், "செத்தவர் எண்டு எங்கயும் இருக்கோ?" என்றா. இல்லை என்றேன்.

"திரும்ப ஒருக்கா வாசி."