தூணில் லேப் எங்கே?

ஏழு மாடிக் குடியிருப்பு ஒன்றின் தூண்களுக்கு ஒப்பந்ததாரர் அனுப்பிய கம்பி வரைபடம் என் மேசைக்கு வந்தது. 400-க்கு 400 மில்லிமீட்டர் தூண், 20 மில்லிமீட்டர் கம்பிகள் எட்டு. விட்டமும் எண்ணிக்கையும் எங்கள் வடிவமைப்போடு ஒத்திருந்தன. ஆனால் கீழ்த்தளக் கம்பியும் மேல்தளக் கம்பியும் பக்கம் பக்கமாகச் சேர்ந்து இணையும் லேப், எட்டுக் கம்பிகளுக்குமே ஒவ்வொரு தளத்திலும் ஸ்லாப்பின் மேல்மட்டத்திலிருந்தே தொடங்கியது.

கம்பி கட்டுபவருக்கு அது வசதியான இடம். கம்பி குட்டையாக இருக்கும், நின்றுகொண்டே கட்டிவிடலாம். ஆனால் நிலநடுக்கத்தில் தூண் அதிகமாக வளைவது அதன் இரு முனைகளில்தான். அங்கே கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் உதிர்ந்தால், லேப்பில் ஒரு கம்பியிலிருந்து இன்னொன்றுக்கு விசையைக் கடத்தும் பிடிமானம் போய்விடும். ஆகவேதான் நிலநடுக்கத்தைத் தாங்கும் கான்கிரீட் கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 13920, லேப்பைத் தூணின் நடுப்பாதி உயரத்துக்குள் வைக்கச் சொல்கிறது.

நான் எழுதிய குறிப்பு: “லேப் இடத்தைச் சரிபார்க்கவும்.” அவ்வளவுதான்.

பத்து நாளில் திருத்திய வரைபடம் வந்தது. லேப் நடுவுக்கு நகர்ந்திருந்தது. ஆனால் எட்டும் ஒரே மட்டத்தில்! ஒரே மட்டத்தில் பாதிக் கம்பிகளுக்கு மேல் இணைக்கக் கூடாது என்பதை நான் எழுதவில்லை. லேப் நீளம் முழுக்க, கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளின் இடைவெளி 100 மில்லிமீட்டருக்குள் வேண்டும் என்பதையும் எழுதவில்லை. அங்கே பழைய 150 அப்படியே இருந்தது. ஒப்பந்ததாரர் மீது குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

இரண்டாம் முறை கணக்குப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். பீமுக்கும் தளத்துக்கும் இடையே 2.7 மீட்டர், அதில் நடுப்பாதி 1.35 மீட்டர். எம்30 தரக் கான்கிரீட்டில் எஃப்இ500 தரக் கம்பிக்கு லேப் ஏறக்குறைய 910 மில்லிமீட்டர். ஒரு லேப் அடங்கும். மேலும் கீழுமாக விலக்கி இரண்டு வைக்க இடமில்லை. ஆகவே மூலைக் கம்பிகள் நான்குக்கு ஒரு தளத்தில் லேப், இடைக் கம்பிகள் நான்குக்கு அடுத்த தளத்தில். குறிப்பில் தூண் எண், தளம், எங்கள் வரைபட எண், அவர்கள் காட்டியது, வேண்டியது எல்லாம் இருந்தன. “திருத்தி மீண்டும் அனுப்பவும்” என்று முத்திரையிட்டேன். வெட்டு நீளத்திலும் மொத்த எடையிலும் கை வைக்கவில்லை. அது ஒப்பந்ததாரரின் பொறுப்பு. அங்கே நான் டிக் போட்டால், நாளை கம்பி குறையும்போது அதுவே சான்றாகிவிடும்.

அவர்களுடைய பொறியாளர் தொலைபேசியில் அழைத்தார். “சார், இரண்டு தளத்துக்கு ஒரே கம்பி என்றால் சேதாரம் கூடுமே?”

சேர்ந்தே கணக்குப் பார்த்தோம். தளத்துக்குத் தளம் 3.3 மீட்டர். ஒரு தளக் கம்பி 4.21 மீட்டர்; 12 மீட்டரில் இரண்டு வெட்டினால் மிச்சம் 3.58. இரு தளக் கம்பி 7.51, மிச்சம் 4.49, அதில் இன்னொரு ஒரு தளக் கம்பியே கிடைக்கும். ஒரு லேப்பும் குறையும். “அப்படியானால் சாய்ந்துவிடாமல் தாங்கிப் பிடிக்கச் சாரம் மட்டும் கூடுதலாக வேண்டும், சார்” என்றார். அந்த வாரமே வரைபடம் சரியாக வந்தது.