முதன்மைத் தேர்வு விடைகளை நாமே திருத்துவது எப்படி?

குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் முதல் மூன்று பொது அறிவுத் தாள்கள் ஒவ்வொன்றிலும் 3 மணி நேரத்தில் 20 வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். பயிற்சிக் காலத்தில் எழுதும் எல்லா விடைகளையும் திருத்தித் தர ஆள் கிடைப்பதில்லை. பணம் கட்டித் தேர்வுத் தொடரில் சேர்ந்தாலும் திருத்திய தாள் பல நாள் கழித்துத்தான் கைக்கு வருகிறது. அதனால் என் விடைகளில் பெரும்பாலானவற்றை நானே திருத்தினேன். அதற்கு நான் பின்பற்றிய முறையை இங்கே எழுதுகிறேன்.

விடையை எழுதி முடித்த அன்று அதைத் திருத்தக் கூடாது. அன்று நாம் படிப்பது தாளில் உள்ளதை அல்ல, மனத்தில் உள்ளதை. எழுதாமல் விட்ட இணைப்பைக்கூட மனம் தானாக நிரப்பிக்கொள்ளும். தாளை மூடி வைத்துவிட்டு, இடையில் வேறு பாடத்தைப் படித்து, மூன்றாம் நாள் எடுப்பது எனக்குப் பொருந்தியது. இடைவெளி போதுமா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு வாக்கியத்தைப் படிக்கும்போதே அடுத்த வாக்கியம் நினைவுக்கு வந்துவிட்டால், அந்தத் தாளை இன்னும் ஒரு நாள் தள்ளி வைக்கலாம். அதுவரை மாதிரி விடையையும் பார்க்கக் கூடாது. பார்த்தால் நம் விடையை மறந்து அதனோடு ஒப்பிடுவதில் இறங்கிவிடுவோம்.

மூன்றாம் நாள் முதலில் வினாவை மட்டும் படித்து, அது கேட்கும் பகுதிகளைத் தனித் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு பேனாவைக் கையில் எடுக்காமல் விடையை ஒரே மூச்சில் படிக்க வேண்டும். இரண்டாம் முறை படிக்கும்போது ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்கிறது என்பதை ஓரத்தில் மூன்று நான்கு சொற்களில் குறிக்க வேண்டும். அப்படிக் குறிக்க முடியாத பத்தி எதையும் சொல்லவில்லை என்று பொருள்.

அதன் பின்புதான் சரிபார்ப்புப் பட்டியல். என்னுடையதில் ஐந்தே கேள்விகள். வினாவின் ஒவ்வொரு பகுதிக்கும் விடையில் இடம் உண்டா? அந்த இடம் பகுதியின் எடைக்குத் தக்கதா? ஒவ்வொரு கருத்துக்கும் சட்டப்பிரிவோ, குழுவோ, எடுத்துக்காட்டோ துணை நிற்கிறதா? சொன்ன தீர்வு, சொன்ன காரணத்துக்கு உரியதா? கடைசியாக, மொழியும் கையெழுத்தும் எங்கே தடுக்கின்றன? இந்த வரிசையை மாற்றாமல் இருப்பது முக்கியம். களைப்பான நாளில் கை தானாக எழுத்துப்பிழைகளைத்தான் தேடும். அவற்றைத் திருத்திவிட்டு விடையையே திருத்திவிட்டதாக நிறைவடைந்துவிடுவோம்.

ஒரு வினாவை வைத்துப் பார்க்கலாம். "73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்து முப்பது ஆண்டுகள் கடந்தும் ஊராட்சிகள் நிதித் தன்னாட்சி பெறாததற்கான காரணங்களை ஆராய்ந்து, தீர்வுகளைக் கூறுக." இது 15 மதிப்பெண்ணுக்கு, 250 சொற்களில் எழுத வேண்டியது. பலரும் எழுதும் விடை 1957இன் பல்வந்த்ராய் மேத்தா குழுவில் தொடங்கி, அசோக் மேத்தா குழுவைத் தொட்டு, 1993 ஏப்ரல் 24இல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது வரை நூறு சொற்களைச் செலவிடும். எழுதும்போது இது செறிவாகத் தோன்றும். ஓரக்குறிப்பு எழுதும்போதுதான் "வரலாறு, வரலாறு, காரணம், தீர்வு" என்று வரும். வினாவில் வரலாறு கேட்கப்படவே இல்லை.

இரண்டாவது கேள்வி அந்த நூறு சொற்களை ஒரு வரியாகச் சுருக்கச் சொல்லும். மூன்றாவது கேள்வி காரணங்களைச் சோதிக்கும். "ஊராட்சிகளிடம் நிதி இல்லை" என்பது காரணம் அன்று; வினாவையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்வது. வரி விதிக்கும் அதிகாரத்தைச் சட்டப்பேரவை சட்டம் இயற்றித் தந்தால்தான் உண்டு என்று 243H பிரிவு கூறுவதும், 15ஆவது நிதி ஆணையம் 2021-26 காலத்துக்கு ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று கட்டப்பட்டிருந்ததும் காரணங்கள். இவற்றை எழுதிய பிறகு, "மக்களிடம் விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும்" என்ற தீர்வு நான்காவது கேள்வியில் நிற்காது. சொத்து வரியை முறையாக மதிப்பிட்டு வசூலிக்க ஊராட்சிக்கு ஆள்பலம் தருவது, கட்டற்ற மானியத்தின் பங்கை உயர்த்துவது போன்றவைதான் நிற்கும்.

திருத்திய பிறகு முழு விடையையும் மறுபடி எழுதுவதில்லை. தவறிய பத்தியை மட்டும் எழுதுகிறேன். எந்தக் கேள்வியில் விடை தவறியது என்பதைத் தேதியுடன் ஒரு நோட்டில் குறித்து வைத்தால், சில வாரங்களில் ஒரே எண் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும். பெரும்பாலோருக்கு அது இரண்டாவது கேள்வியாக இருக்கும் என்பது என் கணிப்பு.

இந்த முறையால் பிடிக்க முடியாதது தவறான தகவல். 243I பிரிவின்படி மாநில நிதி ஆணையம் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அமைக்கப்பட வேண்டும். அதை ஆறு என்று நம்பியிருப்பவர் மூன்றாம் நாளும் ஆறு என்றே படிப்பார். எனவே எண்களையும் பிரிவுகளையும் மட்டும் தனியே புத்தகத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும். தேர்வறையில் தள்ளி வைக்க நேரம் இருக்காது. 15 மதிப்பெண் வினாவுக்குச் சுமார் 11 நிமிடம்தான் கிடைக்கும். அங்கே முதல் இரண்டு கேள்விகளை மட்டும், எழுதத் தொடங்கும் முன்பே, வினாவின் பகுதிகளைப் பிரித்து ஓரத்தில் சொல் அளவு குறிப்பதற்குப் பயன்படுத்தலாம்.