y அச்சில் ஒத்துப்போன தவறான அலை

கடந்த இரண்டு மாதங்களாக, இரவு உணவுக்குப் பின் அரை மணி நேரம், சைன், கொசைன் வளைவுகளை வரைபடத்தாளில் பென்சிலால் வரைந்து வருகிறேன். கணினியில் சமன்பாட்டைத் தட்டினால் நொடியில் வளைவு வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் சமன்பாட்டில் உள்ள ஒவ்வோர் எண்ணும் வளைவை எங்கே பிடித்து இழுக்கிறது என்பது கையால் வரையும்போதுதான் எனக்குப் பிடிபடுகிறது. இதுவரை வரைந்தவற்றுள் அதிகம் கற்றுத்தந்தது கீழ்க்காணும் ஒன்று.

```
y = 3 sin(2x − π/3) + 1
```

இதில் மூன்று செய்திகளைப் பார்த்த உடனே எழுதிவிடலாம். கடைசியில் உள்ள 1, அலையின் நடுக்கோட்டை x அச்சிலிருந்து ஓர் அலகு மேலே தூக்குகிறது. இதுவே செங்குத்து நகர்வு. முன்னால் உள்ள 3 வீச்சு, அதாவது நடுக்கோட்டிலிருந்து அலை மேலும் கீழும் செல்லும் தூரம். ஆகவே வளைவு 4-க்கும் −2-க்கும் இடையில் அடங்கும். x-இன் கெழுவாகிய 2, ஒரு முழு அலை முடிவதற்கு வேண்டிய கிடைத்தூரத்தை, அதாவது காலத்தை, 2π-இலிருந்து π-ஆகக் குறைக்கிறது.

நான்காவதாகிய கட்ட நகர்வில், அதாவது அலையைப் பக்கவாட்டில் நகர்த்துவதில்தான் தவறினேன். அடைப்புக்குள் π/3 கழிக்கப்படுவதால் அலையை π/3 தூரம் வலப்புறம் நகர்த்தினேன். வரைந்து முடித்ததும் சரிபார்க்க x = 0 எனப் பிரதியிட்டேன். சமன்பாடு 3 sin(−π/3) + 1, அதாவது ஏறத்தாழ −1.6 என்று சொன்னது. என் வளைவும் y அச்சை அதே −1.6-இல்தான் வெட்டியிருந்தது. மன நிறைவோடு தாளை மூடிவைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, x = π/3 எனப் பிரதியிட்டுப் பார்த்தபோதுதான் பிழை வெளிப்பட்டது. அந்த இடத்தில் என் அலை நடுக்கோட்டில், 1 என்ற உயரத்தில் இருந்தது. சமன்பாடோ 3 sin(π/3) + 1, அதாவது ஏறத்தாழ 3.6 என்றது. y அச்சில் ஒத்துப்போன வளைவு இங்கே மட்டும் எப்படி விலகியது என்று நெடுநேரம் யோசித்தேன். விடை இதுதான்: π/3 நகர்த்தி நான் வரைந்தது உண்மையில் 3 sin 2(x − π/3) + 1 என்ற வேறொரு சார்பு; x = 0-இல் அதன் கோணம் −2π/3. π/3, 2π/3 ஆகிய இரண்டும் கூடினால் π வருவதால் அவற்றின் சைன் மதிப்புகள் ஒன்றே. −π/3, −2π/3 ஆகியவற்றுக்கும் அதே ஒற்றுமை உண்டு. நான் தேர்ந்தெடுத்த ஒரே சோதனைப் புள்ளி, இரு அலைகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடமாக அமைந்துவிட்டது. அப்போதும் கவனித்திருந்தால் பிழை தெரிந்திருக்கும்: சரியான அலை y அச்சை மேலேறிக்கொண்டே கடக்கிறது, என்னுடையதோ கீழிறங்கிக்கொண்டு கடந்தது. இப்போது ஒரு புள்ளியின் உயரத்தோடு, அங்கே வளைவு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் சேர்த்தே பார்க்கிறேன்.

அதன்பின் நகர்வை மனப்பாடச் சூத்திரத்தால் தேடுவதை விட்டுவிட்டேன். அடைப்புக்குள் இருக்கும் முழுக் கோவையும் எப்போது 0 ஆகிறது, எப்போது 2π ஆகிறது என்று மட்டும் கேட்கிறேன். 2x − π/3 = 0 எனில் x = π/6; அலை தொடங்கும் இடம் அதுவே. 2x − π/3 = 2π எனில் x = 7π/6; முடியும் இடம் அது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சரியாக π, ஆகவே காலத்தையும் இதே கணக்கு சரிபார்த்துவிடுகிறது. நகர்வு ஏன் π/3 அன்று, அதில் பாதி என்பதும் தெளிவாகிறது: கோணம் x-ஐப் போல் இரண்டு மடங்கு வேகமாக ஓடுவதால், π/3 கோணத்தை ஈடுசெய்ய x பாதித் தூரம் நகர்ந்தாலே போதும்.

அடுத்து அளவுத்திட்டம். முதலில் ஒரு செ.மீ. என்பது π/4 என்று வைத்திருந்ததால் தொடக்கப்புள்ளியே கட்டங்களுக்கு நடுவில் விழுந்து குழப்பியது. தொடக்கம் π/6, கால்பகுதி π/4. இரண்டையும் மீதியின்றி அளக்கும் π/12-ஐ ஒரு செ.மீ. ஆகக் கொண்டதும், ஐந்து முக்கியப் புள்ளிகளும் 2, 5, 8, 11, 14 ஆகிய செ.மீ. கோடுகளின் மேல் வந்து அமர்ந்தன. அவற்றின் உயரங்கள் முறையே 1, 4, 1, −2, 1. நடுக்கோட்டை மட்டும் முதலிலேயே துண்டுக்கோடாக வரைந்துகொள்கிறேன்; அது இல்லாமல் வரைந்த தாள்களில் x அச்சையே நடுக்கோடாக எண்ணிக் கை வழுக்கியிருக்கிறது.

ஐந்து புள்ளிகளை இணைப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. என் தொடக்ககால வளைவுகள் அரைவட்டங்களை அடுக்கியதுபோல் இருந்தன. அரைவட்டம் நடுக்கோட்டைச் செங்குத்தாக வெட்டும். சைன் அலை அப்படி வெட்டாது, சாய்வாகத்தான் கடக்கும். கால்பகுதியின் மூன்றில் ஒரு பங்கைக் கடந்ததுமே அலை வீச்சின் பாதியை எட்டிவிடும் என்பது (30 பாகையின் சைன் மதிப்பு ½) இங்கே பெரிதும் உதவுகிறது. இந்தத் தாளில் கால்பகுதி 3 செ.மீ.; எனவே நடுக்கோட்டிலிருந்து ஒரு செ.மீ. தள்ளி 1.5 அலகு, இரண்டு செ.மீ. தள்ளி 2.6 அலகு, மூன்றாவது செ.மீ.யில் 3 அலகு என ஏற வேண்டும். கடைசி செ.மீ.யில் ஏற்றம் வெறும் 0.4 அலகு என்பதால், உச்சியில் பென்சில் ஏறத்தாழக் கிடையாக நகர்கிறது.

இதே முறையைக் கொசைனுக்கும் செய்து பார்க்க, சென்னையின் பகல் நீளத்தை எடுத்துக்கொண்டேன். அங்கே மிக நீண்ட பகல் ஏறத்தாழ 12 மணி 53 நிமிடம், மிகக் குறுகியது ஏறத்தாழ 11 மணி 21 நிமிடம். இரண்டின் சராசரியாகிய 12 மணி 7 நிமிடம் நடுக்கோடு. வித்தியாசத்தின் பாதியாகிய 46 நிமிடம் வீச்சு. காலம் 365 நாள். உச்சி ஜூன் 21-இல், அதாவது ஆண்டின் 172-ஆம் நாளில் வருகிறது. கொசைன் உச்சியிலிருந்தே தொடங்குவதால் கட்ட நகர்வைத் தேட வேண்டிய வேலையே இல்லை, 172 அப்படியே அமர்கிறது. ஆண்டின் நாள் எண்ணை d என்று கொண்டால், பகல் நீளம் y-ஐ நிமிடக் கணக்கில் இப்படி எழுதலாம்:

```
y = 46 cos( (2π/365)(d − 172) ) + 727
```

y அச்சைப் பூச்சியத்திலிருந்து தொடங்கியபோது அலை ஏறத்தாழ நேர்க்கோடாகத் தெரிந்தது. 660 நிமிடத்திலிருந்து தொடங்கி, அச்சின் அடியில் முறிவுக்குறி இட்டதும் வடிவம் வெளிப்பட்டது. நடுக்கோடு சரியாக 12 மணியில் இல்லாமல் 7 நிமிடம் மேலே இருப்பதற்குக் காரணம், சூரிய வட்டின் மேல் விளிம்பு தெரிவதையே உதயமாகக் கொள்வதும், வளிமண்டலம் ஒளியை வளைத்துச் சூரியனைச் சற்று உயர்த்திக் காட்டுவதும்தான்.

என் வளைவு நடுக்கோட்டைக் கடந்த இடங்கள் மார்ச் 22, செப்டம்பர் 20. உண்மையான சமஇரவு நாள்கள் மார்ச் 20 அல்லது 21-லும் செப்டம்பர் 22 அல்லது 23-லும் வருகின்றன. கொசைன் அலையின் இரு பாதிகளும் சமம். புவியின் பாதையோ நீள்வட்டம் என்பதால் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை ஏறத்தாழ 186 நாள் ஆகிறது, எஞ்சிய பாதிக்கு 179 நாளே கிடைக்கிறது. அந்த இரண்டு நாள் விலகலை எந்தக் கட்ட நகர்வாலும் சரிசெய்ய முடியாது. அலையை ஒரு பக்கம் தள்ளி ஒரு வெட்டுப்புள்ளியைப் பொருத்தினால் மற்றது இன்னும் விலகுகிறது. தாளில் ஒரு மி.மீ.கூட இல்லாத அந்த இடைவெளியை இரு புள்ளிகளிலும் சிவப்புப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.