சந்தன நிறச் சுவரும் தேக்குக் கதவும்: படத்தில் வண்ணம் மாற்றிய மூன்று மாலைகள்

வெள்ளையடிப்பதற்கு முன் எங்கள் கூடத்தின் சந்தன நிறச் சுவர் வெளிர் நீலப்பச்சையில் எப்படி இருக்கும் என்று படத்தில் பார்த்துவிட விரும்பினோம். அருகிலிருந்த படக் கடையில் முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்த படத்தில் சுவர் அட்டையை ஒட்டியதுபோல் தட்டையாக இருந்தது. மூலையின் நிழலும் பூச்சின் சொரசொரப்பும் காணாமல் போயிருந்தன. அந்த எரிச்சலில் ஜிம்ப் 2.10 மென்பொருளில் நானே உட்கார்ந்தேன்.

முதல் மாலை முழுவதும் வீண். தம்பி செய்திச் செயலியில் அனுப்பியிருந்த படத்தை எடுத்துக்கொண்டதால், நிறத்தை வைத்துத் தேர்ந்தெடுத்தபோது கதவின் ஓரம் படிக்கட்டுபோல் வெட்டு வெட்டாக வந்தது. ஜேபெக் கோப்பு வெளிச்சத்தை முழு நுணுக்கத்துடனும் நிறத்தைப் பெரும்பாலும் பாதி நுணுக்கத்துடனும் சேமிக்கிறது. செயலி அதை மேலும் சுருக்கிவிடுகிறது. மூலப் படத்தையே ஆவணமாக அனுப்பச் சொன்ன பிறகுதான் ஓரங்கள் ஒழுங்காயின.

Select by Color கருவி வழக்கமாக Composite முறையில் இருக்கும்; எவ்வளவு நிற வேறுபாடு வரை சேர்த்துக்கொள்வது என்பதைச் சொல்லும் Threshold அளவு 15 ஆக இருக்கும். அப்படியே சொடுக்கினால் ஜன்னல் வெளிச்சம் விழுந்த பகுதி மட்டுமே பிடிபட்டது. அளவை உயர்த்தியபோது நிழல் மூலையோடு மேற்கூரையும் சேர்ந்து வந்தது. அதே கருவியில் Select by என்பதை HSV Hue ஆக மாற்றியதும் வெளிச்சமும் நிழலும் ஒன்றாகப் பிடிபட்டன, ஏனெனில் நிழலில் சுவர் இருண்டாலும் அதன் நிறச்சாயல் அதிகம் மாறுவதில்லை.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சந்தன நிறமும் தேக்கும் ஒரே மஞ்சள் குடும்பம் என்பதால் கதவு, பிரம்பு நாற்காலி, சுவாமி படத்தின் சட்டம் எல்லாம் தேர்வுக்குள் வந்தன. தொலைக்காட்சியின் கறுப்புத் திரையில்கூடப் புள்ளி புள்ளியாகத் தேர்வு ஒட்டியிருந்தது. கறுப்பு, சாம்பல், வெள்ளைப் பகுதிகளில் நிறச்சாயல் என்பது ஏறக்குறைய தற்செயலான எண் என்பதே காரணம். அளவை 8க்குக் குறைத்தால் கதவு விலகியது, ஆனால் நிழல் மூலையில் ஓட்டைகள் விழுந்தன. கடைசியில் Free Select கருவியால் கதவையும் திரையையும் விட்டுவிட்டுச் சுவரைச் சுற்றித் தோராயமாகக் கோடு வரைந்து, Shift, Ctrl இரண்டையும் அழுத்தியபடி நிறக் கருவியால் சுவரில் சொடுக்கினேன். இரண்டு தேர்வுக்கும் பொதுவான பகுதி மட்டும் மிஞ்சியது. இதை முதலிலேயே செய்திருந்தால் ஒரு மாலை மிச்சமாகியிருக்கும்.

அடுத்தது நிறம் ஏற்றுவது. Hue சறுக்கியை நகர்த்திப் பார்த்தேன். நிழல் மூலை செயற்கையாகப் பளிச்சிட்டது. பிறகுதான் கணக்கு புரிந்தது: படத்தில் தெரியும் நிறம் என்பது சுவரின் வண்ணத்தை அங்கு விழும் வெளிச்சத்தால் பெருக்கியது. ஆகவே பழைய வண்ணத்தால் வகுத்துவிட்டால் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சும். அதைப் புதிய வண்ணத்தால் பெருக்கினால் போதும். எங்கள் சுவரின் வெளிச்சமான இடத்தில் சிவப்பு, பச்சை, நீல அளவுகள் முறையே 240, 210, 140. நிழல் மூலை 120, 105, 70, அதாவது சரிபாதி. புதிய வண்ணம் 170, 200, 190 என்றால் நிழல் மூலை ஏறத்தாழ 85, 100, 95 ஆக வேண்டும், அதுவே வந்தது.

படத்தின் நகலை ஓர் அடுக்குக் குழுவில் வைத்து, அதன்மேல் பழைய வண்ணம் நிரப்பிய அடுக்கை Divide முறையிலும், அதற்கும் மேல் புதிய வண்ண அடுக்கை Multiply முறையிலும் வைத்து, தேர்வைக் குழுவின் மறைப்பாக மாற்ற வேண்டும். நகலைக் குழுவுக்குள் வைக்க மறந்ததால் எனக்கும் கடைக்காரரின் அதே அட்டைச் சுவர் கிடைத்தது. அவரைத் திட்டியதற்குச் சற்று வெட்கப்பட்டேன். பழைய வண்ணத்தைச் சுவரின் மிக வெளிச்சமான இடத்திலிருந்தே எடுக்க வேண்டும் என்பதும் பட்டுத் தெரிந்தது. நடுத்தரமான இடத்திலிருந்து எடுத்தபோது குழல்விளக்குக்கு அருகில் இருந்த பகுதி வகுத்ததும் வெள்ளையில் முட்டி, பூச்சின் தடம் அங்கே மறைந்துவிட்டது. படம் எடுக்கும்போதே வெளுத்துப்போன இடத்திற்கு இந்த முறையும் உதவாது.

மூன்றாம் மாலை படத்தைக் காட்டியதும் மனைவி கேட்டது ஒன்றுதான்: "சுவர் மாறிவிட்டது, மேற்கூரை மட்டும் ஏன் இன்னும் மஞ்சளடிக்கிறது?" பழைய சுவரில் பட்டுத் தெறித்த மஞ்சள் வெளிச்சம் சுவரை ஒட்டிய வெள்ளைக் கூரையில் தங்கியிருந்தது. அந்த விளிம்பை மட்டும் மென்மையான ஓரத்துடன் தேர்ந்தெடுத்து Hue-Saturation பெட்டியில் மஞ்சளின் செறிவைக் குறைத்த பிறகே அவர் சரி என்றார்.