டிசம்பர் 31-க்குள் வராத பணம்: பின்தேதி செக்குகளைக் கணக்கிலிருந்து வெளியே எடுத்த அனுபவம்

பினாங்கில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவர்களிடம் பின்தேதி செக் இன்னும் ஒழியவில்லை. 2015 முதல் ஒவ்வொரு செக்குக்கும் 50 சென் கட்டணம் போட்ட பிறகு செக் எழுதுவது நிறையக் குறைந்தது உண்மைதான். ஆனால் தவணை கேட்கும் கடைக்காரரும் உணவக முதலாளியும் இன்றைக்கும் சரக்கு இறங்கியதும் ஒரு மாதம் தள்ளித் தேதி போட்டு ஒரு செக்கைத்தான் நீட்டுகிறார்கள். லெபோ பாசார் பக்கம் ஒரு மசாலா, பருப்பு மொத்தக் கடையில் கணக்குப் பொறுப்பை நான் ஏற்றபோது முதலில் கைவைக்க வேண்டியிருந்தது இந்தச் செக்குகளில்தான்.

அங்கே இருந்த பழக்கம் இது. வாடிக்கையாளர் செக் கொடுத்த அன்றே, அதில் என்ன தேதி இருந்தாலும், பேங்கில் பணம் வந்ததாகப் பதிவு. அவர் பாக்கி கழிந்துவிடும். சப்ளையருக்கு நாம் செக் எழுதிய அன்றே பேங்கிலிருந்து பணம் போனதாகப் பதிவு. நம் கடனும் தீர்ந்துவிடும். இதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. "எழுதிக் கொடுத்த செக்கைக் கழிச்சுட்டு மிச்சம் எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தானேம்மா அடுத்த சரக்கு எடுக்க முடியும்" என்பார் முதலாளி. அவருக்கு வேண்டியது நியாயமான தகவல். அதைப் பேரேட்டுக்குள் தேடியதுதான் சிக்கல்.

வருட முடிவுக்கு ஆடிட்டருக்குக் கணக்கு கொடுக்க வேண்டும். டிசம்பர் 31 தேதியில் பேங்க் ஸ்டேட்மெண்டில் 52,300 ரிங்கிட். எங்கள் பேரேட்டில் பேங்க் இருப்பு 27,400 ரிங்கிட். முன்பு இருந்தவர் தயாரித்து வைத்திருந்த சரிக்கட்டும் பட்டியல் ஒரு சென் பிசகாமல் ஒத்துப்போனது. பிசகு அங்கேயேதான் இருந்தது. இன்னும் பேங்குக்குப் போகாத வரவு, இன்னும் பேங்கில் கழியாத செலவு என்று இரண்டு தலைப்பின் கீழ் எல்லாச் செக்கையும் கொட்டினால் பட்டியல் எப்போதும் ஒத்துப்போகும். அந்தத் தலைப்புகளுக்குக் கீழ் இருக்கும் செக்குகள் ஒவ்வொன்றின் தேதியையும் பார்த்தால்தான் விஷயம் வெளியே வரும்.

அதனால் பட்டியலை நம்பாமல், டிராயரில் இருந்த செக்குகளையும் செக் புத்தக அடிக்கட்டைகளையும் மேசையில் பரப்பினேன். வந்த செக்குகளில் ஒன்று 7,200 ரிங்கிட், தேதி டிசம்பர் 29, ஜனவரி 2 அன்று பேங்கில் போட்டது. இது சரியான வரவு. வருடம் முடியும்போது செக் நம் கையில் இருந்தது, அன்றே பேங்கில் போடக்கூடிய தேதியும் அதில் இருந்தது. பேங்குக்கு நடந்து போகவில்லை, அவ்வளவுதான். மற்ற மூன்றும் வேறு ரகம்: ஜனவரி 15-க்கு 18,000, ஜனவரி 31-க்கு 12,000, பிப்ரவரி 5-க்கு 16,500. மொத்தம் 46,500. இவற்றை டிசம்பரில் பேங்கில் போட்டிருந்தால் தேதி வரவில்லை என்று திருப்பியிருப்பார்கள். 1949-ஆம் ஆண்டின் மாற்றுச்சீட்டுச் சட்டப்படி, பின்தேதி போட்டதால் மட்டும் ஒரு செக் செல்லாததாகிவிடாது. ஆனால் செல்லும் என்பது வேறு, பணம் வந்துவிட்டது என்பது வேறு. அந்தத் தேதி வரும்வரை நம்மிடம் இருப்பது வாடிக்கையாளரின் கடன்தான். அதற்கு ஒரு தாளும் சேர்ந்திருக்கிறது.

கொடுத்த பக்கம் மூன்று வகை. டிசம்பர் 28 தேதியிட்டு சப்ளையர் கைக்குப் போய், இன்னும் பேங்கில் கழியாதது 5,600. இது கழித்தது கழித்ததாகவே இருக்கலாம். நம் வேலை முடிந்துவிட்டது, அவர் எப்போது போடுகிறார் என்பது அவர் பாடு. ஜனவரி 10-க்கு 40,000, ஜனவரி 31-க்கு 24,000 என்று இரண்டு பின்தேதி செக்குகள் கொடுக்கப்பட்டிருந்தன. இந்த 64,000 டிசம்பரில் நம் கணக்கிலேயே இருக்கும் பணம், சப்ளையருக்கு நாம் பட்டிருக்கும் கடனும் அப்படியே நிற்கிறது. மூன்றாவதுதான் பலர் கவனிக்காமல் விடுவது. 9,000 ரிங்கிட்டுக்கு ஒரு செக், தேதி டிசம்பர் 30, கையெழுத்தும் ஆகியிருக்கிறது, ஆனால் டிராயரை விட்டு நகரவில்லை. சரக்கில் ஏதோ தகராறு, அதனால் முதலாளி பிடித்து வைத்திருந்தார். தேதி சரியாக இருந்தாலும் கொடுக்காத செக் பணம் கட்டியதாகாது. அதையும் திருப்ப வேண்டும்.

சரிப்படுத்திய பதிவுகள் இரண்டே இரண்டு, இரண்டும் டிசம்பர் 31 தேதியில். வாடிக்கையாளர் கணக்கில் பற்று 46,500, பேங்கில் வரவு 46,500. பேங்கில் பற்று 73,000, சப்ளையர் கணக்கில் வரவு 73,000. இந்த 73,000 என்பது 64,000-மும் 9,000-மும் சேர்ந்தது. பேங்க் இருப்பு 27,400-லிருந்து 53,900 ஆனது. பேங்க் ஸ்டேட்மெண்டின் 52,300-உடன் 7,200 கூட்டி 5,600 கழித்தாலும் அதே 53,900. வரவேண்டியது 1,18,000-லிருந்து 1,64,500-க்கும், கொடுக்கவேண்டியது 82,000-லிருந்து 1,55,000-க்கும் ஏறின.

லாபத்தில் ஒரு சென் மாறவில்லை. "அப்புறம் எதுக்கும்மா இவ்வளவு மெனக்கெடல்?" என்று முதலாளி கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் காட்டியது, யார் பாக்கி எத்தனை நாள் பழையது என்று சொல்லும் ஏஜிங் லிஸ்ட்டைத்தான். சுங்கைப் பட்டாணியில் இருந்த ஓர் உணவகத்தின் பாக்கி பழைய லிஸ்ட்டில் சுழியம். திருத்திய லிஸ்ட்டில் 16,500, அதுவும் 90 நாளுக்கு மேற்பட்ட கட்டத்தில். பில்கள் ஆகஸ்ட், செப்டம்பர் மாதத்தவை. நவம்பர் தேதியில் அவர் கொடுத்த ஒரு செக்கைக் கெஞ்சிக் கேட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டு, பதிலுக்குக் கொடுத்ததுதான் இந்தப் பிப்ரவரி 5 செக். பழைய முறையில் அவர் நல்ல வாடிக்கையாளராகத் தெரிந்தார். கடன் வரம்பு முழுக்கக் காலியாக இருப்பதாகக் காட்டியதால் மேலும் சரக்கு அனுப்பத் தயாராக இருந்தார்கள். அதை நிறுத்தினோம்.

பேரேட்டிலிருந்து செக்குகளை எடுத்துவிட்டால் அவற்றை எங்கேயாவது வைக்க வேண்டுமே. அதற்கு ஒரு பதிவேடு தொடங்கினேன்: வாங்கிய நாள், யாரிடமிருந்து, எந்த பேங்க், செக் எண், செக் தேதி, தொகை, எந்த பில்லுக்கு, பேங்கில் போட்ட நாள், முடிவு. கொடுத்த செக்குகளுக்கும் அதேபோல் இன்னொரு தாள். தேதி வாரியாக அடுக்கி, பேங்க் இருப்பிலிருந்து வாரா வாரம் கூட்டிக் கழித்து முதலாளியிடம் கொடுத்தேன். அவர் கேட்ட "மிச்சம் எவ்வளவு" அதில் இருந்தது, பழைய முறையைவிடத் தெளிவாகவே. இந்த வெள்ளிக்கிழமை எவ்வளவு, அடுத்த வெள்ளிக்கிழமை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாம் அல்லவா? சில இடங்களில் பின்தேதி செக்குக்கென்று பேரேட்டிலேயே தனிக் கணக்கு வைக்கிறார்கள். அதுவும் தவறில்லை, வருட முடிவில் அதை வரவேண்டியதோடு சேர்த்துக் காட்டினால் போதும். ஆனால் சிறிய கடையில் அந்தச் சேர்ப்பை மறந்துவிடுவார்கள் என்பது என் எண்ணம்.

இன்னொரு வழி, செக்கின் தேதியையே பதிவுத் தேதியாகப் போட்டு மென்பொருளில் முன்கூட்டியே ஏற்றிவிடுவது. ஜனவரி 15 செக் ஜனவரி 15-ல்தான் பேங்கில் ஏறும், டிசம்பர் அறிக்கையில் வராது. கேட்க நன்றாக இருக்கிறது. நாங்கள் வைத்திருந்த மென்பொருளில் ரசீதை பில்லோடு பொருத்தியவுடனே அந்த பில் தீர்ந்ததாகக் காட்டிவிட்டது, தேதி பின்னால் இருந்தும்கூட. ஏஜிங் லிஸ்ட்டின் கூட்டுத்தொகையை பேரேட்டின் வரவேண்டியது கணக்கோடு ஒப்பிட்டபோது இரண்டும் ஒட்டவில்லை, அதனால்தான் தெரிந்தது. இந்த வழியில் போகிறவர்கள் மாதம் ஒருமுறையாவது அந்த ஒப்பீட்டைச் செய்ய வேண்டும். நான் அந்த வழியையே விட்டுவிட்டேன், தேதி வந்து பேங்கில் போடும் அன்றுதான் ரசீது.

வாடிக்கையாளர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். செக் கொடுத்துவிட்டு ரசீது இல்லாமல் எப்படிப் போவது? செக் எண்ணும் தேதியும் எழுதி "செக் பெற்றுக்கொண்டோம், பணம் சேர்ந்த பிறகே பாக்கி கழியும்" என்று ஒரு சீட்டு கொடுத்தோம். சீட்டு எழுதும்போதே தேதிக் கட்டங்களைப் பார்த்துவிடுவது நல்ல பழக்கமாயிற்று. டிசம்பரில் அடுத்த ஜனவரிக்குச் செக் எழுதுகிறவர் பழைய வருடத்தையே போட்டுவிடுவார். அப்படியானால் அது ஆறு மாதம் கடந்த செக், பேங்க் எடுக்காது. அடித்துத் திருத்தி அருகில் கையெழுத்துப் போட்டாலும் இங்கே ஏற்கமாட்டார்கள், ஏனென்றால் செக்கின் படத்தை வைத்துத்தான் பேங்குகள் செக்கைக் கழிக்கின்றன. ஆள் எதிரில் இருக்கும்போதே வேறு செக் வாங்கிவிடுவது ஒன்றே வழி.

வாடிக்கையாளர்கள் கொடுத்த ஜனவரி செக்குகள் இரண்டும் கழிந்தன. அவை ஆடிட்டருக்கு உதவின. டிசம்பர் 31-ல் அந்தப் பாக்கிகள் உண்மையாகவே இருந்தன, வசூலும் ஆயின என்பதற்குச் சாட்சி. பிப்ரவரி 5 செக் போதிய பணம் இல்லை என்று திரும்பி வந்தது. பிப்ரவரி கணக்கில் வேலை சுலபம்: போட்ட பதிவுக்கு எதிர்ப்பதிவு, பேங்க் கட்டணம் இருந்தால் தனியே செலவு. கேள்வி டிசம்பர் கணக்கைப் பற்றியது, அது இன்னும் கையெழுத்தாகவில்லை. "செக் திரும்பினது பிப்ரவரியில, போன வருசக் கணக்குல ஏன் கை வைக்கணும்?" என்று முதலாளிக்கு வருத்தம். தனியார் நிறுவனங்களுக்கான எம்.பி.இ.ஆர்.எஸ் என்ற மலேசியக் கணக்கியல் தரத்தில் இதற்கு வழி தெளிவாக இருக்கிறது. வருட முடிவில் ஏற்கனவே இருந்த நிலையைப் பின்னால் வரும் செய்தி உறுதிப்படுத்தினால், அந்த வருடக் கணக்கைத் திருத்த வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் பழைய பில், மாற்றி வாங்கிய செக், இரண்டும் டிசம்பரிலேயே இருந்தவை. நன்றாக நடந்துகொண்டிருந்த கடை ஜனவரியில் தீப்பிடித்து அழிந்து, அதனால் செக் திரும்பியிருந்தால் கதை வேறு. அப்போது டிசம்பர் தொகையை மாற்றாமல், பெரிய தொகையானால் குறிப்பில் சொன்னால் போதும்.

மார்ச்சில் அந்த உணவகக்காரர் அடுப்பு, குளிர்பெட்டிகளை விற்று 4,000 ரிங்கிட் கொண்டுவந்து கொடுத்தார். மீதி 12,500-ஐ டிசம்பர் 31 கணக்கில் வாராக்கடன் ஒதுக்கீடாக வைத்தோம், ஆடிட்டர் ஏற்றுக்கொண்டார். தகராறில் நின்ற 9,000 செக்கை ரத்து செய்து, குறைந்த தொகைக்குப் புதிதாக ஒன்று ஏப்ரலில் போனது. அது கையை விட்டுப் போன அன்றுதான் பேரேட்டில் ஏறியது.