செவலையின் கணக்கு

ஜூன் 4
செவலைப் பசுவின் பால் விடியலில் ஆறு லீற்றர், மாலையில் நான்கு. கன்றுக்கு மூன்று போக, ஏழு லீற்றர் சேகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. லீற்றருக்கு 170 ரூபா வீதம் 1,190 ரூபா. 25 கிலோ தீவன மூடை 3,000 ரூபா. இரண்டரை லீற்றர் பாலுக்கு ஒரு கிலோ என்று நான்கு கிலோ வைத்தால் 480, தாது உப்புக்கு 25. மீதி 685. புல்லறுக்கும் கூலியை யாரும் எழுதுவதில்லை, நானும் எழுதவில்லை.

ஜூன் 7
கொழுப்பு 4.2இலிருந்து 3.4க்கு இறங்கிவிட்டதாம், விலையும் 155 ஆகிவிட்டது. நிலையத்தில் நின்ற ஒருவர், "தண்ணி ஊத்துனீங்களோ அண்ணே?" என்று சிரித்தார். தண்ணீர் கலந்திருந்தால் பால்மானியின் அளவும் இறங்கியிருக்க வேண்டும். அது அப்படியே நிற்கிறது, கொழுப்பு மட்டுமே குறைந்திருக்கிறது.

ஜூன் 8
மழை விடவில்லை.

ஜூன் 11
மடியில் கடைசியாக இறங்கும் பாலில்தான் கொழுப்பு அதிகம். முதலில் கறந்துவிட்டுக் கடைசியில் கன்றை அவிழ்த்துவிட்டதால், கெட்டிப் பால் முழுவதும் அதன் வயிற்றுக்குப் போனது. இனி முதலில் கறந்த பாலைச் சூடு ஆறுமுன் வாளியில் அளந்து கன்றுக்குக் கொடுத்துவிட்டு, நான்கு காம்பையும் ஒட்டக் கறக்க வேண்டும். மழையில் நனைந்த இளம்புல்லில் நார் குறைவு என்பதும் ஒரு காரணம். சாணம் கூழாக விழுவதே அதற்குச் சாட்சி. தேயிலை மலையோரத்து முற்றிய குவாத்தமாலா புல்லை முதல்நாளே அறுத்து, கொட்டகைக்குள் வாடவைத்துக் கலக்கிறேன்.

ஜூன் 14
மாலையில் கத்திக்கொண்டே நின்றது, தீவனத்தைப் பாதியில் விட்டது. வாலடியில் கண்ணாடிபோல் தெளிந்த சளி தொங்கியது. மாலையில் சினைப்பருவ அறிகுறி கண்டால் மறுநாள் காலையில் சினை ஊசி.

ஜூன் 15
ஊசி போட்டாயிற்று.

ஜூன் 22
கொழுப்பு 4.0. விலை 165. ஆனாலும் மனம் நிம்மதியாக இல்லை. 685ஐ முப்பதால் பெருக்கி மாதம் இருபதாயிரம் என்று கடன் கொடுத்தவரிடம் சொல்லியிருக்கிறேன். பால் எப்போதும் இதே அளவில் நிற்காது. பத்து மாதத்துக்குச் சராசரியாக ஆறு லீற்றர் விற்று, தீவனத்துக்கு 450 கழித்தால் நாளுக்கு 540. முந்நூறு நாளில் 1,62,000. பின்பு பால் வற்றவிடும் இரண்டு மாதமும் வரவே இல்லை. இரண்டு கிலோ தீவனமும் உப்புமாக நாளுக்கு 265 செலவு, ஏறக்குறைய 16,000. ஆண்டுக்கு 1,46,000, அதாவது மாதத்துக்குப் பன்னிரண்டாயிரம். அதுவும் இந்த ஊசியில் சினை நின்றால்தான். நிற்காவிட்டால் அடுத்த கன்று தள்ளிப்போகும்; இரண்டு மூன்று லீற்றர் கறக்கும் மெலிந்த நாட்கள்தான் நீளும். மரக்கறித் தோட்டக்காரர் சாணம் கேட்டிருக்கிறார். மூடைக்கு விலை இன்னும் பேசவில்லை.

ஜூலை 3
சாணம் பத்து மூடை போனது.

ஜூலை 5
இருபத்தொரு நாள் சுற்று நாளையோடு முடிகிறது. சினை பிடிக்காவிட்டால் இன்றோ நாளையோ மறுபடி கத்தும். காலையில் பால் அரை லீற்றர் குறைவு. சளி எதுவும் இல்லை, தீவனத்தை நக்கித் தீர்த்துவிட்டது. இரவு ஒருமுறை லாம்போடு போய்ப் பார்க்க வேண்டும்.